தலை தட்டிய பெட்டி

"நீ கலந்த கலவையாத்தான் இருக்கும்—"

"நான் கலந்தது மேக்காலங்க, இது கெழக்கால—"

"மேக்கால என்ன, கெழக்கால என்ன, ஒரே சுண்ணாம்பு, ஒரே மணலு, அப்பறம் எப்படி இங்க மட்டும்—"

"அதத்தானுங்க நானும் கேக்கறேன். எப்படின்னு."

"பதில் பேசாத புள்ள."

"பேசலீங்க. கேக்கத்தான் கேட்டேன்."

சூரமங்கலத்தில், ரயில்வே குமாஸ்தா ஒருவர் புதிதாகக் கட்டிய வீட்டு வராந்தாவில் நின்றுதான் ராசப்பனும் அவன் மனைவி உண்ணாமலையும் இப்படி ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவன் கொத்து வேலை பழகுகிறவன். அவள் அதே இடத்தில் சித்தாள். இருவருக்கும் நடுவே, இது எதுவும் காதில் விழாதவர்போலக் குந்தியிருந்தார் மாதையக் கொத்தனார். காரை பூசும் கரணையைத் திருப்பிப் பிடித்து, அதன் மரப்பிடியால் தரையில் பதித்த தட்டோடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே நகர்ந்தார்.

மேற்குப் பாதியில் தட்டியபோது பாறையைத் தட்டியதுபோலச் சத்தம் அடங்கி வந்தது. கிழக்குப் பாதிக்கு வந்ததும் வெறும் பானையைத் தட்டியதுபோல 'டொங்' என்றது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்த ஓடு தட்டியதும் லேசாக ஆடியது.

உள்ளிருந்து சாரதாமணி அம்மாள் எட்டிப் பார்த்தாள். குமாஸ்தாவின் மனைவி.

"ஏனுங்க மேஸ்திரி, அந்தப் பக்கம் கால வெச்சா கடக்குங்குதே. யாரு போட்டது?"

"என்ற ஆளுதானுங்க அம்மிணி. நானே கூட இருந்து எடுத்துப் போட்டுத் தாரேன்."

"இந்தப் பக்கம் நல்லா இருக்குதே. இது?"

"அதும் அவன்தானுங்க."

அவளுக்குப் புரியவில்லை. உள்ளே போய்விட்டாள். ராசப்பனின் முகம் கறுத்தது. கிழவர் தன்னைக் காட்டிக் கொடுத்தாரா, காப்பாற்றினாரா என்று அவனுக்கே தெரியவில்லை.

மேட்டூர் அணைக்கட்டில் மண் சுமந்துவிட்டு வந்தவன் அவன். மாதையனிடம் சேர்ந்து, சித்தாளாய், கையாளாய் இருந்து, இப்போதுதான் கரணை பிடிக்கிறான். மாதையனுக்கு முழங்கால் போய்விட்டது. குந்தினால் எழ ஒருவர் கை கொடுக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் அடுத்த வேலை ஒப்புக்கொண்டிருந்தார். "இந்த வராந்தா சுத்தமா வந்தா அங்க கரணை உன்றது. நான் நாக்காலி போட்டு உக்காந்து பாத்துக்கறேன்" என்று வாயால் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ராசப்பன் இத்தனை நாளும் வெயிலில் நின்றான்.

மேற்குப் பாதியை அவன் போட்டு முடித்த அன்று மாலை கிழவர் வந்து பார்த்தார். நூல் பிடித்ததுபோல வரிசை. ஓட்டுக்கு ஓடு இடைவெளி ஒரே சீர். அவர் எதைப் பார்த்தார்? குழைத்து மீந்திருந்த கலவையை விரலால் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"வெண்ணெயாட்ட வந்திருக்குது உண்ணாமல. இப்படித்தான் இருக்கோணும்."

அவ்வளவுதான். வரிசையைப் பற்றி ஒரு பேச்சில்லை.

அன்று இரவு ராசப்பன் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் கிழவர் வேலை பேசச் செவ்வாய்ப்பேட்டை போயிருந்த நேரம், உண்ணாமலை அளக்கும் மரப்பெட்டியை வாங்கி ஓரமாய்க் கவிழ்த்து வைத்தான்.

"இன்னிக்கு நானே கலந்துக்கறேன். நீ ஓட்ட ஊறப் போடு."

"ராத்திரி மழ பேஞ்சுதுங்க, மணலு—"

"எனக்குக் கண்ணு இருக்குது."

அப்படிப் போட்டதுதான் இந்தக் கிழக்குப் பாதி. அதை மறைக்கத்தான் சற்றுமுன் பழியை அவள் கலவைமேல் போடப் பார்த்தான்.

மாதையன் ஆடிய ஓட்டின் ஓரத்தில் கரணை நுனியைக் கொடுத்து நெம்பினார். பிசிறில்லாமல் எழும்பி வந்தது. அடிப்பக்கம் கழுவி வைத்ததுபோல இருந்தது. கீழே இருந்த சுண்ணாம்புக் காரையை விரலால் கீறினார். மாவாய் உதிர்ந்தது.

"இது எப்பப் போட்டது?"

"மத்தியானங்க."

சுவரோரம் போய் வேறொன்றைக் கஷ்டப்பட்டுப் பெயர்த்தார். அங்கே காரை கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் குளம் வற்றிய சேறுபோலப் பாளம் பாளமாய் வெடித்து, ஓட்டை விட்டுச் சுருங்கி விலகியிருந்தது. ஓட்டுக்கும் காரைக்கும் நடுவே நகம் போகும் இடைவெளி.

"இது?"

"காலையில."

"ஒரே ஆளு, ஒரே நாளு. காலையில சுண்ணாம்பு சாஸ்தி, மத்தியானம் சுண்ணாம்பு கம்மி. எப்படிக் கலந்த சாமி?"

"ஒரு கூடை சுண்ணாம்புக்கு ரெண்டு கூடை மணலுங்க. நீங்க சொன்ன கணக்குத்தான்."

"மணலையும் கூடையில அளந்தயா?"

ராசப்பன் மணல் குவியலைப் பார்த்தான். உண்ணாமலை ஊறிய ஓடுகளைத் தண்ணீரிலிருந்து எடுத்துச் சாய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"சுண்ணாம்ப அளந்தனுங்க. மணல மம்முட்டியில வாரி, குமி பாத்துப் போட்டேன். குமி எம்புட்டு வேணும்னு எனக்குத் தெரியாதுங்களா? எத்தன வருசமாப் பாக்கறேன்." பிறகு அவன் அடக்கிவைத்தது பீறிட்டது. "அளந்தா மட்டும் என்னங்க? அவ பெட்டியில தலை தட்டி அளப்பா. அப்பறம் தெனமும் மேலாப்புல கொஞ்சம் மணல அள்ளிப் போடுவா. ஒரு நா கால் பெட்டி, ஒரு நா அதும் இல்ல. அது கண்ணளவு இல்லீங்களா? அவ பண்ணுனா வெண்ணெ. நான் பண்ணுனா தப்பு."

கிழவர் முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அதப் பாத்தயா நீ?"

"பாக்காம? எனக்குக் கண்ணு—"

"இருக்குது, இருக்குது. அந்தக் கண்ணத்தான் சித்த நேரம் கீழ வெய்யி. உண்ணாமல, அந்த ரெண்டு தகரத்தையும் எடுத்தா ஆயா."

மேல்மூடி வெட்டிய மண்ணெண்ணெய்த் தகரங்கள். ஒன்றில் திருமணிமுத்தாற்று மணல் குவியலின் உள்ளிருந்து தோண்டிய ஈர மணலை விளிம்புவரை நிரப்பச் சொன்னார். மற்றொன்றில் மதில்மேல் வெயிலில் காய்ந்து கிடந்த மணல். இரண்டிலும் விளிம்புக்குமேல் நின்றதை மரச்சட்டத்தால் ராசப்பனையே வழிக்கச் சொன்னார்.

"தலை தட்டியாச்சா? எது சாஸ்தி?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க."

"உன்ற கண்ணுக்கு ஒண்ணு. தண்ணிய ஊத்து. காஞ்சதுல மொதல்ல."

ஊற்றினான். காய்ந்த மணல் தண்ணீரைக் குடித்தது. குச்சி விட்டுக் கிளறி அடங்கவிட்டபின்னும் ஏறக்குறைய விளிம்பிலேயே நின்றது.

"இனி ஈரத்துல ஊத்து."

ஊற்ற ஊற்ற மணல் உள்ளே இறங்கியது. குச்சியால் கிளறினான். இன்னும் இறங்கியது. தெளிந்தபோது மணலுக்குமேல் நாலு விரற்கடை தண்ணீர் நின்றது.

ராசப்பன் தகரத்தை ஒருபக்கம் சாய்த்து ஓட்டை இருக்கிறதா என்று அடியைப் பார்த்தான்.

"ஓட்ட இல்ல. ஈரம் பட்ட மணலு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம விலகி விலகி நிக்கும். புது மாப்பிள்ள ஊட்டுச் சனமாட்ட. குமி பெருசாத் தெரியும், உள்ள சரக்கு இருக்காது. காலையில மழ மணலு. உன்ற குமி பெருசு, மணலு கம்மி. சுண்ணாம்பு சாஸ்தியாகி வெடிச்சுப்போச்சு. மத்தியானம் வெயில்ல காஞ்சுது. அதே குமி, ஆனா மணலு நெறைய. சுண்ணாம்பு பத்தாம உதுந்துபோச்சு. கண்ணு ஏமாத்தலடா. கண்ணு குமியத்தான் பாக்கும். உள்ள இருக்கறத அதுக்குப் பாக்கத் தெரியாது."

"அப்ப இவ மேலாப்புல போட்டது—"

"அவ தெனமும் காலையில வந்ததும் ஒரு தகரத்துல மணலும் தண்ணியும் ஊத்திப் பாப்பா. எத்தன எறங்குதோ அத்தன சேத்துப் போடுவா. காஞ்சு கெடந்தா சேக்க மாட்டா."

ராசப்பன் மனைவியின் பக்கம் திரும்பினான். குரல் தணிந்திருந்தது. அதில் வேறொரு சூடு ஏறியிருந்தது.

"இத எப்பச் சொல்லிக் குடுத்தீங்க அவளுக்கு? எனக்குத் தெரியாம?"

"உனக்கும் சேத்துத்தான் சொன்னேன். தை மாசம், அந்தக் கெணத்து மேட்டு வேலையில. ரெண்டு பேரும் பக்கத்துலதான் நின்னீங்க. நீ கரணையத் தேச்சு முகம் பாத்துட்டு இருந்த. கலவைன்னா சித்தாளுப் பொம்பள வேலைன்னு உன்ற நெனப்பு."

உண்ணாமலைக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். அவள் ஓட்டை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம்வரை மூவரும் கிழக்குப் பாதியைப் பெயர்த்தார்கள். உடையாத ஓடுகளைச் சுரண்டிக் கழுவி மறுபடி ஊறவைத்தார்கள். வெடித்த காரையை ராசப்பனே வாரி வெளியே கொட்டினான். பிறகு அவள் அளந்தாள், அவன் பதித்தான். கிழவர் மணைப்பலகையில் உட்கார்ந்து பார்த்தார். பொழுது சாயும்போது கை நீட்டினார். ராசப்பன் தூக்கி நிறுத்தினான்.

"உன்ற கை நல்ல கைடா. இந்த வரிசைய நான் வாலிபத்துல கூட இப்படிப் போட்டதில்ல. அன்னிக்கே சொல்லியிருக்கோணும். சொல்லாதது என்ற தப்பு."

ராசப்பன் கரணையைத் துடைத்து ஓரமாய் வைத்தான். இதைக் கேட்கத்தானே இத்தனையும்.

"நாளைக்குச் செவ்வாய்ப்பேட்டையில கரணைய நீ புடி. கலவை உண்ணாமல கலக்கட்டும்."

"நானே அளந்துக்கறனுங்க. இப்பத்தான் கண்ணால பாத்தனே. அவளுக்கு ஊட்டுல வேல கெடக்குது."

உண்ணாமலையின் கை பெட்டியைக் கழுவுவதில் ஒரு கணம் நின்றது. மறுபடி கழுவியது.

"இன்னிக்கு அளப்ப," என்றார் மாதையன். "நாளைக்கு எவனாச்சும் கலவை நல்லா இருக்குதும்பான். அவளப் பத்திச் சொன்னதா உனக்குக் காதுல விழும். அன்னிக்குப் பெட்டி மறுபடி கவுந்துரும். சோடியா வந்தா நீ கொத்தனாரு. ஒத்தையா வந்தா வேற ஆளப் பாத்துக்கறேன்."

"அப்ப உங்களுக்கு நம்பிக்கை அவ மேலதான்."

"உங்க ரெண்டு பேரு மேலயும். தனித்தனியா இல்ல."

சொல்லிவிட்டுக் கிழவர் தடியூன்றிப் போய்விட்டார்.

இருவரும் ரயில் கேட்டருகே வந்தபோது கதவு அடைத்திருந்தது. சரக்கு வண்டி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. உண்ணாமலை சும்மாட்டின்மேல் பெட்டியை வைத்திருந்தாள். அதைப் பார்க்கப் பிடிக்காமல் ராசப்பன் வண்டியையே பார்த்தான். அவளைக் கிழவர் செல்லமாக 'ஆயா' என்று கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. தன்னை நல்ல கை என்றதும் வந்தது. இரண்டில் எது முதலில் வருகிறது என்று பார்த்தான். ஆயாதான் வந்தது.

வண்டி கடந்தது. கதவு திறந்தது. அவன் நகரவில்லை. அவள் ஓரடி முன்னே போய் நின்று, திரும்பாமலே கேட்டாள்.

"நாளைக்கு எத்தன பேத்துக்குங்க சோறு கட்டறது?"