சிரிப்பு அடங்குற வரைக்கும் அடி

நாடகக் குழுவில் அவருக்குக் கத்திரி என்றுதான் பேர். பெற்றவர்கள் ஆசையாக ஒரு பேர் வைத்திருந்தார்கள், அதைக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. வசனம் எழுதுகிறவரும் அவர்தான், எழுதினதை வெட்டுகிறவரும் அவர்தான். நடிகர்கள் தலைகீழாக நின்று கெஞ்சினாலும் நறுக்கென்று வெட்டிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

வெட்டாமல் என்ன செய்வது, சொல்லுங்கள். ஒத்திகையில் ஒன்றரை மணி நேரம் ஓடுகிற நாடகம், ஆள் நிறைந்த அரங்கில் இரண்டு மணி நேரத்துக்கு இழுக்கும். அந்த அதிகப்படி அரைமணி முழுக்க சனங்களின் சிரிப்பு. கூட்டம் கம்மியென்றால் சிரிப்பும் கம்மி, எங்கேயும் நிற்காமல் விரட்டிக்கொண்டு போகணும். கூட்டம் நிறைந்திருந்தால் சிரிப்பு எழும்பி உச்சிக்குப் போகும்வரை வாயை மூடிக்கொண்டு, கையையோ கண்ணையோ வைத்து ஏதாவது செய்துகொண்டு நிற்கணும். அது இறங்க ஆரம்பிக்கிறபோது அடுத்த வசனத்தைப் பிடிக்கணும். முழுக்க அடங்கட்டும் என்று காத்திருந்தால் அரங்கு ஆறிப்போய்விடும், மறுபடி சூடேற்றுவதற்குள் உயிர் போய்விடும். இன்னொருத்தன் வாங்கின சிரிப்பின் தலைமேலேயே தன் வசனத்தைப் பேசிவிட்டால் அந்தச் சிரிப்பு அங்கேயே செத்தது. அதற்கு இவர்கள் மிதிக்கிறது என்று சொல்வார்கள். மேடையில் அதைவிடப் பெரிய துரோகம் கிடையாது.

அன்றைக்குப் பகல் ஆட்டத்தில் தம்பி மிதித்தான். கத்திரியின் கூடப்பிறந்த தம்பி. மிதிபட்டது மாப்பிள்ளை. அதாவது கத்திரிக்குத் தங்கையும் தம்பிக்கு அக்காவுமான ஒருத்தியின் புருஷன், குழுவின் கதாநாயகன். நாடகத்தில் மாப்பிள்ளைக்கு வீட்டுக்காரர் வேஷம், தம்பியோ வீட்டைக் காலி பண்ண மாட்டேன் என்று அடம் பிடிக்கிற குடித்தனக்காரன். வீட்டுக்காரர் ஒரு நக்கல் அடிப்பார், அரங்கு குபீரென்று எழும், உடனே தம்பி அதன்மேல் ஏறித் தன் வசனத்தைக் கொட்டுவான். ஒருதடவை என்றால் தவறு என்று விடலாம். முதல் பாதி முழுக்க அதையே செய்தான்.

ஏன் செய்தான் என்று கத்திரிக்கு நன்றாகவே தெரியும். காலையில் தங்கை வந்தபோது உதடு கிழிந்து வீங்கியிருந்தது. கதவு இடித்துவிட்டது என்றாள். ஒப்பனைக்காரர் பூசி மறைத்தார், அவருக்கு இது புதுசா என்ன? போன மாதமும் ஒரு கதவு இடித்திருந்தது. தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு அக்கா புருஷனான மாமனைப் பார்த்தான். கத்திரியோ வசனத் தாளைப் பார்த்தார். ஆட்டம் முடியட்டும், சாவகாசமாகப் பேசிக்கலாம் என்று நினைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருக்கிறார், வெட்கங்கெட்ட மனுஷன். கதாநாயகன் கோபித்துக்கொண்டு போனால் குழு என்னாகும் என்ற பயம் அவருக்கு.

தம்பி இத்தனை மிதித்தும் அன்றைக்குச் சனங்கள் விடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், கைதட்டினார்கள், நடுவே எழுந்து நின்று பதில் சொன்னார்கள். இடைவேளைக்கே நேரம் தாறுமாறாக ஓடிவிட்டது. சாயங்காலம் அதே அரங்கில் ஒரு பள்ளிக்கூடத்தின் பரிசளிப்பு விழா. அரங்கு மேலாளர் உள்ளே வந்து, நேரத்துக்கு முடிக்கலைன்னா மின்சாரத்தை நிறுத்திடுவேன் என்று சிரித்த முகத்தோடே சொல்லிவிட்டுப் போனார்.

கத்திரி தாளைப் புரட்டினார். கதை அறுந்துபோகாமல் எதை எடுக்கலாம்? மாப்பிள்ளை தனியாக நின்று தொலைபேசியில் பேசுகிற காட்சி ஒன்று இருந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் சம்பந்தம் இல்லாத காட்சி, எடுத்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் மாப்பிள்ளைக்குக் கைதட்டல் வாங்கித் தருவதே அதுதான்.

"இது உங்க முடிவா மச்சான், இல்ல உங்க தம்பி சொன்னானா?" என்றான் மாப்பிள்ளை.

நேரம் சொன்ன முடிவு என்றார் கத்திரி. மாப்பிள்ளையின் முகம் சிவந்ததைப் பார்த்ததும் அவசரமாகத் தாளை மடித்தார். குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி ஒன்றைச் சொல்லி வைத்தார்.

"அடிக்கிற காட்சி இருக்குல்ல மாப்பிள்ளை. அதுல எவ்வளவு சிரிப்பு வேணும்னாலும் வாங்கிக்குங்க."

அந்தக் காட்சியும் இவர் கைவேலைதான். குடித்தனக்காரனை வீட்டுக்காரர் கட்டையால் மூன்று அடி அடிப்பார் என்றுதான் முதலில் எழுதினார். ஊரெல்லாம் அதற்கு விழுந்து விழுந்து சிரித்ததும் மூன்று என்பதை வெட்டிவிட்டு, 'சிரிக்கிற வரைக்கும் அடி, சிரிப்பு அடங்கினால் கை நிற்கணும்' என்று மாற்றினார். ஒத்திகையில் கத்திரியே நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக் காட்டுவார். அவர் நிறுத்துகிற அதே நொடியில் மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நிற்கும். அப்படிப் பழக்கி வைத்திருந்தார். நேரம் இருந்தால் நீட்டலாம், இல்லாவிட்டால் சுருக்கலாம் என்று அந்தக் காட்சிமேல் அவருக்கு ஏகப் பெருமை.

அடி விழாத அடி அது. கட்டை என்பது பஞ்சு திணித்து மர நிறம் அடித்த துணி உருளை. சத்தம் வருவது மேடை ஓரத்திலிருந்து. தங்கைதான் அங்கே இரண்டு பலகைகளை வைத்துக்கொண்டு நிற்பாள். புருஷன் கை இறங்கும்போதெல்லாம் படாரென்று மோதுவாள். தம்பி "ஐயோ செத்தேன்!" என்று துள்ளுவான். அவ்வளவுதான் வித்தை.

காட்சி வந்தது. மாப்பிள்ளை கையை ஓங்கினான். படார். தம்பி துள்ளினான். அரங்கு அதிர்ந்தது. இரண்டாவது அடிக்குத் தம்பி துள்ளவில்லை, மடங்கி முழங்காலில் விழுந்தான். சிரிப்பு இன்னும் மேலே போனது. கத்திரி ஓரத்தில் நின்று, பயல் இன்றைக்குப் பிரமாதமாகப் பண்ணுகிறானே என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே தங்கை பக்கம் திரும்பினார்.

தங்கையின் கைகள் அசையவில்லை. இரண்டு பலகைகளும் அகல விரிந்தபடி நின்றன. சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அவள் கண் பக்கத்து மேசைமேல் இருந்தது. பஞ்சுக் கட்டை அங்கே பத்திரமாகப் படுத்திருந்தது.

மாப்பிள்ளையின் கையில் இருந்தது பின்வாசல் கதவுக்குக் குறுக்கே போடுகிற தேக்குக் கட்டை.

"மாமா, வேணாம்... மாமா!" என்று தம்பி கத்தினான். வீட்டுக்காரரைக் குடித்தனக்காரன் மாமா என்றதும் சனங்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கட்டை தோளில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் கத்திரியின் காதில் விழுந்தது, அரங்கில் யாருக்கும் விழவில்லை. தம்பி தவழ்ந்து ஓடப் பார்த்தான். முதுகில் ஒன்று, விலாவில் ஒன்று. வாயிலிருந்து ரத்தம் ஒழுகியது. முன்வரிசையில் ஒருத்தர் பக்கத்தில் இருந்தவரின் தொடையில் தட்டி, சாயத்தை எங்கேடா ஒளிச்சு வச்சான் என்று வியந்தார்.

திரையை இறக்கு என்று கத்திரி கையை ஆட்டினார். திரை இறங்கியது. மாப்பிள்ளை தம்பியின் தலைமுடியைப் பிடித்துத் தரதரவென்று திரைக்கு முன்னால் இழுத்து வந்து போட்டு அடித்தான். இதைவிடச் சனங்களுக்கு என்ன வேணும்? விசில் பறந்தது.

கத்திரி திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார். வேட்டி ஒரு பக்கம், தாள்கள் ஒரு பக்கம். புது ஆள் ஒருத்தர் திடீரென்று நுழைந்தாலே அரங்கு சிரிக்கும், அதை அவரைவிட யாருக்குத் தெரியும்? மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத் தொங்கினார். அவன் ஒரே உதறு உதறினான். கத்திரி பொத்தென்று உட்கார்ந்தார். அரங்கு கூரை பறக்கிற மாதிரி சிரித்தது. "நிறுத்துங்கய்யா, இது நெசம்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அன்றைய ஆட்டத்திலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான் கிடைத்தது. சிரிப்பு ஏற ஏறக் கட்டையும் ஏறி இறங்கியது. தம்பி இப்போது கத்துவதைக்கூட விட்டுவிட்டான்.

சிரிக்க வைக்க நூறு வழி தெரிந்த மனுஷன், நிறுத்த ஒரு வழி தெரியாமல் தம்பி சாகிறதைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். மேலே மேலே கத்தினால் மேலே மேலே சிரிப்பார்கள். அப்புறம்தான் அந்தச் சனியன் பிடித்த தொழில் அவருக்குக் கை கொடுத்தது. ஒருத்தர் வாய் அசைந்து காதில் விழாவிட்டால், என்ன சொல்கிறார் என்று கேட்கச் சனங்கள் தானாக அடங்குவார்கள்.

அவர் எழுந்தார். மேடை விளிம்புக்கு வந்தார். தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நின்றிருக்க முடியாது. பின்னால் கட்டை விழுகிறபோது முன்வரிசையைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் பேசுகிற குரலில் பேச ஆரம்பித்தார். என்ன பேசுவது என்று அவர் யோசிக்கவே இல்லை.

"இவன் என் தங்கச்சிய அடிக்கிறான். வீட்டுல. இதே மாதிரி."

முதல் வரிசை உஷ் என்றது. அடுத்த வரிசை திரும்பி அதற்கடுத்த வரிசையை அதட்டியது. அவர் அதையே முன்னைவிட மெதுவாகத் திரும்பச் சொல்லிவிட்டு, மேலே சொன்னார்.

"எனக்குத் தெரியும். இன்னைக்குக் காலையிலயும் தெரியும். பேசாம இருந்துட்டேன்."

பின்பக்கம் இரண்டு பேர் சிரித்து, தனியாகச் சிரிக்கிறோம் என்று கூச்சப்பட்டு நிறுத்தினார்கள். அரங்கு அடங்கியது. அந்த அமைதியில் ஒரே ஒரு அடி விழுந்தது. மரம் சதைமேல் விழுகிற சத்தம் எப்படியிருக்கும் என்று கடைசி வரிசைக்கும் கேட்டது. ஒரு பெண் வீறிட்டாள்.

மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது. மனசு இளகியெல்லாம் நிற்கவில்லை. சிரிப்பு அடங்கினால் கை நிற்கணும் என்று எத்தனையோ ஆட்டங்களாகப் பழகின கை அது. ஏன் நின்றது என்று அவனுக்கே விளங்காமல் தன் கையை அண்ணாந்து பார்த்தான்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை ஓரத்திலிருந்து தங்கை வந்தாள். ஓடவில்லை, நடந்துதான் வந்தாள். பலகைகளில் ஒன்றைக் கீழே போட்டுவிட்டு, இன்னொன்றை இரண்டு கையாலும் பிடித்து அவன் முகத்தில் அறைந்தாள். மூக்கு உடைந்தது. கட்டை உருண்டு முன்வரிசைக் காலடியில் விழுந்தது. அவன் மண்டியிட்டபோது இன்னொன்று கொடுத்தாள், அது காதோரம் பட்டது, அவன் அப்படியே சரிந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. மருத்துவர் யாராவது இருக்கீங்களா என்று ஒருத்தர் கேட்டார். நாலைந்து பேர் மேடை ஏறி ஓடினார்கள். தம்பிக்கு மூச்சு இருந்தது, விட்டு விட்டு இருந்தது. தங்கை அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். பூச்சு கலைந்து அவள் உதட்டுக் காயம் விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. சனங்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

கத்திரி பக்கத்தில் வந்து குனிந்தார். அவள் நிமிர்ந்தாள்.

"இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு நாளாச்சா, அண்ணா?" என்றாள்.

தம்பியைத் தூக்க வந்தவர்கள் கொஞ்சம் நகருங்க என்றார்கள், அவர் நகர்ந்து நின்றார்.