ரம்பக்காரர் கேள்வி

விடைத்தாள் திருத்தும் முகாமில் பெரியசார் சிரித்தால் யாரோ தப்பு செய்திருக்கிறார்கள் என்று பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் தாளை இன்னொரு முறை பார்ப்பார்கள். அன்று காலை, வணிகச் சட்டத் தாளுக்கான விடைக்குறிப்பைப் படித்தபோது அவர் சிரித்தார். அதுவும் பல் தெரியாமல், மீசைக்குள்ளேயே.

அந்த மண்டபத்தில் தலைமைத் திருத்துநர் நாற்காலி என்றால் பல வருடமாக அது பெரியசாருடையதுதான். இந்த வருடம் அதில் சின்னமேடம் உட்கார்ந்திருந்தாள். அவரைவிட வயதில் மிகச் சின்னவள், வேறு கல்லூரிக்காரி. கேள்விகளுக்கான விடைக்குறிப்பைத் தயாரித்தவளும் அவள்தான். "நாற்காலி போனா என்ன, முதுகுவலி மிச்சம்னு இருங்க" என்று வீட்டில் மனைவி சொல்லிப் பார்த்தாள். அவருக்கு முதுகு வலிக்கவில்லை. வலித்தது வேறு எங்கோ.

அவரைச் சிரிக்க வைத்தது ஒரு கேள்வி. மரம் அறுக்கும் பட்டறைக்காரர் ஒருவர் நாள் முழுக்க ஓடக்கூடிய ரம்பம் வேண்டும் என்று விளக்கிச் சொல்லி, கடைக்காரர் காட்டியதை நம்பி, கோடு போட்ட காசோலை கொடுத்து வாங்குகிறார். ஒரு வருடம் இலவசமாகப் பராமரித்துத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். ரம்பம் முதல் நாளே ஒரு மணி நேரத்தில் சூடேறி நின்றுவிடுகிறது. பட்டறைக்காரர் வாயைத் திறக்காமல், ஆறவிட்டு ஆறவிட்டு மூன்று மாதம் அதிலேயே அறுக்கிறார். பிறகு வந்து, 'இந்தா உன் ரம்பம், கொடு என் பணம்' என்கிறார். கொடுக்க வேண்டுமா? கேட்ட வேலைக்கு ரம்பம் உதவ வேண்டும் என்பது கண்டிஷன். பேரத்தின் உயிரே அதுதான். அது பொய்த்தால் பொருளைத் திருப்பலாம். இலவசப் பராமரிப்பு வாரண்டி. பேரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வாக்கு. அது பொய்த்தால் நஷ்டஈடு மட்டும்தான். இதுவரை விடைக்குறிப்பு தங்கமாக இருந்தது. அதன் பிறகுதான், 'ஆகவே ரம்பத்தைத் திருப்பிக் கொடுத்து முழு விலையையும் பெறலாம்' என்று முடித்திருந்தாள்.

அந்த மூன்று மாதத்தைச் சின்னமேடம் கவனிக்கவில்லை. பழுது தெரிந்தும் சொல்லாமல் அத்தனை நாள் வைத்துப் புழங்கினால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. அதன் பிறகு கண்டிஷன் வாரண்டி அளவுக்கு இறங்கிவிடும். நஷ்டஈடு கேட்கலாம், திருப்ப முடியாது.

'ஆழம் தெரியாம காலை விட்டிருக்கா' என்று பெரியசார் நினைத்துக்கொண்டார். சொல்லவில்லை. விடைக்குறிப்பின்படி திருத்துவதுதானே திருத்துகிறவன் வேலை? முகாம் முடிந்து தாள்கள் மேலே போகட்டும். அங்கே யாராவது கண்டுபிடிக்கட்டும். அப்போது தெரியும் நாற்காலி யாருக்குப் பொருந்தும் என்று.

மதியத்துக்கு மேல் அந்தத் தாள் அவர் கைக்கு வந்தது. கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது. மற்ற கேள்விகளில் தட்டுத் தடுமாறியிருந்த அந்தப் பிள்ளை ரம்பக் கேள்வியில் நிமிர்ந்து நின்றது. 'ஏற்றுக்கொண்டு விட்டார். ஆகவே நஷ்டஈடு மட்டுமே' என்று நேராக எழுதியிருந்தது. அதே கேள்வியின் காசோலைப் பகுதியிலும் ஒரு பிசகு இல்லை. கோடு போட்ட காசோலைக்கு வங்கி கவுண்டரில் காசு தராது, கணக்கில்தான் சேர்க்கும், ஆகவே கவுண்டரில் காசு கேட்ட கடைக்காரரைத் திருப்பி அனுப்பியது சரி. பணம் போய்ச் சேர்ந்த பிறகு காசோலையை நிறுத்தச் சொல்லிப் பட்டறைக்காரர் கேட்பதில் பலனில்லை, நிறுத்தச் சொல்வதை வங்கி பணம் தருவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

காசோலைக்கு முழு மதிப்பெண் போட்டார். ரம்பத்துக்குச் சுழித்துப் பூஜ்யம் போட்டார். கூட்டிப் பார்த்தால் பிள்ளை தேர்ச்சிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அவருக்கு உள்ளே சுருக்கென்றது. 'நானா போட்டேன், விடைக்குறிப்பு போட்டது' என்று விடைத்தாள் கட்டை மூடினார்.

சாயங்காலத் தேநீருக்கு முன்னால் சின்னமேடம் நேராக அவர் மேசைக்கு வந்து, மறுபார்வைக்கு அவருடைய கட்டை எடுத்துக்கொண்டு போனாள். பெரியசார் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புரட்டினாள். ஒரு தாளில் நின்றாள். கேள்வித்தாளை எடுத்து விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். விரல் ஒரு வரியில் நின்றது. முகம் வெளுத்துவிட்டது.

மூடி வைத்திருந்தால் யாருக்கும் தெரியாது. அவள் எழுந்து நின்றாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் பேனாவை வைங்க. ரம்பக் கேள்விக்கு நான் கொடுத்த விடைக்குறிப்பு தப்பு. மூணு மாசம் வச்சிருந்ததை நான் கவனிக்கல. தப்பு என்னோடது, வேற யாரோடதும் இல்ல."

மண்டபத்தில் ஒரே சலசலப்பு. "கடைசி பஸ் போயிடும் மேடம்!" என்றார் ஒருவர். "கொடுத்த மார்க்கைப் பிடுங்கணுமா?" என்றார் இன்னொருவர்.

"என் பேச்சை நம்பிக் கொடுத்த மார்க்கை நீங்க தொட வேணாம். அதை என்ன செய்யணும்னு மேலிடத்துக்கு இப்பவே எழுதறேன். ஆனா சரியா எழுதின பிள்ளைக்கு என்னால பூஜ்யம் விழக்கூடாது. பஸ்ஸுக்குப் போறவங்க போங்க. நீங்க பூஜ்யம் போட்ட விடையையெல்லாம் நான் படிச்சு வைக்கறேன், காலையில வந்து பார்த்துத் திருத்திக் கையெழுத்து போட்டா போதும்."

பெரியசார் அசந்துபோனார். அந்த நாற்காலியில் இருந்தபோது அவர் ஒரு முறையாவது 'தப்பு என்னோடது' என்று சொன்னதுண்டா? விடைக்குறிப்பில் சந்தேகம் என்று எவராவது வந்தால், "குறிப்பில இருக்கறபடி போடுய்யா" என்று விரட்டியதுதான் நினைவில் இருந்தது. இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய மனசு! அவருக்கு அவள்மேல் மதிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கூடவே தன்மேல் வெட்கமும்.

அவள் அந்தத் தாளோடு வந்தாள். "சார், இது நீங்க போட்டது. நீங்கதான் மாத்தணும்."

பூஜ்யத்தை அடித்து, முழு மதிப்பெண் போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டார். கூட்டல் தேர்ச்சியைத் தாண்டியது. பேனாவை மூட அவருக்குக் கை வரவில்லை.

"அம்மா, எனக்குக் காலையிலேயே தெரியும்."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"குறிப்பைப் படிச்சு நீங்க சிரிச்சீங்க. எங்கேயோ கோட்டை விட்டிருக்கேன்னு அப்பவே பயம். பகல் பூரா குறிப்பையே புரட்டினேன், பிடிபடல. கேள்வியைத் திரும்பப் படிக்கணும்னு தோணவே இல்ல. அதான் உங்க கட்டை எடுத்தேன்."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா சொல்லியிருப்பீங்களா சார்?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் அவரைச் சுட்டது.

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

வாசலில் பஸ் ஹாரன் அடித்தது. பைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். பெரியசார் தோளில் மாட்டிய பையை இறக்கி வைத்தார். மனைவிக்குப் போன் போட்டு, "இன்னிக்கு வரமுடியாது, சாப்பிட்டுப் படு" என்றார்.

"ஏன், நாற்காலி திரும்பக் கிடைச்சுடுச்சா?" என்றாள் அவள்.

"இல்லடி. அது சரியான ஆள்கிட்டதான் இருக்கு."

பிறகு சின்னமேடத்தின் மேசைக்கு எதிரே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்கு சார்? உங்க கட்டுதான் முடிஞ்சுதே."

"பழுதுன்னு தெரிஞ்சும் வாயைத் திறக்காம வச்சிருந்தவன்மா நான். இப்ப வந்து உன் தப்பு, உன் குறிப்புன்னு திருப்பிக் கொடுக்க முடியுமா? கொடு அந்தக் கட்டை."

அவள் பாதிக் கட்டுகளை அவர் பக்கம் தள்ளினாள். அவர் முதல் பூஜ்யத்தைத் தேட ஆரம்பித்தார்.