கொதிகலன் சுவருக்குப் பக்கத்தில் மாவு

மார்கழி பிறந்ததிலிருந்து பச்சையப்பன் சுட்ட இட்லி எழவில்லை. கும்மிடிப்பூண்டி பக்கத்து அட்டை ஆலையில் கேன்டீன் நடத்தும் வேலை ஐப்பசியில்தான் அவனுக்குக் கிடைத்திருந்தது. கேன்டீனை ஒட்டி ஓர் அறையும் கொடுத்திருந்தார்கள். வேலை போனால் அறையும் போகும். அவன் மனைவி பூவம்மாளுக்கு இது ஏழாம் மாதம். ஆரணியில் அவள் அண்ணன் வீட்டில் ஏற்கெனவே ஒன்பது பேர் ஒரே கூரையின் கீழ் நெருக்கிப் படுக்கிறார்கள்.

காலை நாஷ்டாவுக்கு முதலில் வருகிறவன் லோடு தூக்கும் கலியன். அன்றைக்குத் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே மேசைமேல் வைத்தான்.

"இன்னா பச்சை, இது இட்லியா, ஆலையில ஓட்டுற அட்டையா? மெஷின்ல போட்டா ரீல் ரீலா வரும் போலக்கீதே!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பச்சையப்பனும் சிரிக்க முயன்றான்.

"குளிருண்ணே. மாவு பொங்கல."

"குளிர் உனக்கு மட்டுமா வருது? எங்க ஊட்லயும்தான் மாவு அரைக்கிறாங்க. ஆப்பசோடா வேற அள்ளிப் போட்டுக்கீற, நாக்கு எரியுது." கலியன் சற்றுக் குரலைத் தாழ்த்திக் கேட்டான். ஆனாலும் எல்லார் காதிலும் விழுந்தது. "ஆலை குடுக்குற உளுந்து எங்கடா போவுது? ஊட்டுக்கா?"

பச்சையப்பன் முகம் செத்துப்போயிற்று. சனிக்கிழமை வரை பார்ப்போம், அப்புறம் மேனேஜரிடம் சொல்லி வேறு ஆளைப் போடச் சொல்வோம் என்று கலியன் சொல்லிவிட்டுப் போனான். தொழிலாளிகள் சார்பில் கேன்டீனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவனுடையது. சொன்னால் செய்வான்.

உள்ளே பூவம்மாள் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நாம திருடறோம்னு நெனச்சிக்கினாங்களாயா?"

"நெனச்சா நெனக்கட்டும்" என்றான் அவன். ஆனால் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

அவன் திருடவில்லை. ஆனால் உளுந்தைக் குறைத்தது அவன்தான். உளுந்து குளிர்ச்சி என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறான். சளி பிடித்தால் உளுந்து ஆகாது என்று சொல்லித்தான் வீட்டில் வளர்த்தார்கள். குளிரில் மாவு பொங்கவில்லை என்றதும், அந்தக் குளிர்ச்சியைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றியது. நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து போட்டவன், ஏழு படிக்கு ஒரு படி என்று ஆக்கினான். இட்லி இன்னும் கெட்டியானது. பயந்துபோய் ஆப்பசோடா சேர்த்தான். இட்லி மஞ்சள் பூத்தது. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் அவன் ஒவ்வொரு தப்பையும் செய்தான். நம்மில் பலரும் அப்படித்தான்.

அன்று மாலை கொதிகலன் ஓட்டும் மோசஸ் டீ குடிக்க வந்தார். ஐம்பது வயது இருக்கும். நெருப்புக்கு முன்னால் நின்று நின்று முகம் தாமிரம் போல ஆகியிருந்தது. பச்சையப்பன் சொல்லாமலே அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"ஏன்டா தம்பி மனசுல வெச்சுக்கினு பேஜாராவுற? மாவுக்குச் சூடு வேணும், அவ்ளோதானே? என்கிட்ட சூட்டுக்கா பஞ்சம்? பாத்திரத்த எடுத்துக்கினு வா."

அன்று அரைத்த மாவைக் கொதிகலன் கூடத்துக்குத் தூக்கிப் போனார்கள். செங்கல் சுவர் தொட முடியாத சூடு. "இதுல ஒட்டி வெச்சா மாவு வெந்துடும்" என்று சொல்லி, மோசஸ் சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளிப் பலகை போட்டார். தன் உள்ளங்கையை அங்கே சிறிது நேரம் வைத்துப் பார்த்தார். சித்திரை மாதத்துச் சமையலறை போல வெதுவெதுப்பாக இருந்தது. மாவை அங்கே வைத்து மூடினார்கள்.

விடியற்காலையில் மூடியைத் திறந்தபோது புளித்த வாசனை குப்பென்று வந்தது. பச்சையப்பன் கடவுளே என்று கும்பிட்டான். பிறகு உள்ளே பார்த்தான். மேலே சின்னச் சின்னக் கொப்புளங்கள் தோன்றித் தோன்றி உடைந்துகொண்டிருந்தன. மாவு வைத்த அளவிலேயே நின்றது, ஒரு விரல்கூட ஏறவில்லை.

மோசஸ் குனிந்து பார்த்தார். "காத்து வருது, ஆனா நிக்க மாட்டேங்குது. பஞ்சர் ஆன டியூப் மாதிரி. எத்தினி படிக்கு எத்தினி போட்ட?"

பச்சையப்பன் மூடியைத் துடைக்க ஆரம்பித்தான். பின்னால் வந்து நின்ற பூவம்மாள்தான் சொன்னாள்.

"ஏழுக்கு ஒண்ணுண்ணே. உளுந்து குளிர்ச்சின்னு கொறச்சிட்டாரு."

மோசஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பச்சையப்பன் அன்றே மூட்டை கட்டியிருப்பான்.

"உடம்புக்குக் குளிர்ச்சியா இருந்தா இருந்துட்டுப் போவுது" என்றாள் பூவம்மாள். "தனியா உளுந்து மாவு வெச்சா அதும்பாட்டுக்கு நொரைச்சிக்கினு ஏறும். வெறும் அரிசி மாவு புளிக்கும், ஆனா படுத்தது படுத்தாப்லதான் கெடக்கும். உளுந்துதான்யா நொரையப் புடிச்சு வெச்சுக்கும். நீ அதையே கொறச்சிட்டா, வர்ற காத்து எதுல நிக்கும்?"

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. நீதான் 'பெரிய சமையக்காரி வந்துட்டா'ன்ன."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த மாவில் வெங்காயம் அரிந்து போட்டு அன்றைக்குத் தோசையாக ஊற்றினார்கள். புளிப்பாக இருந்தாலும் மெலிதாக வந்ததால் ஆட்கள் முணுமுணுக்காமல் சாப்பிட்டுவிட்டார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. மாலையில் பூவம்மாளே கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலுக்கு ஒன்று. உளுந்தைத் தனியாகப் போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து ஓடவிட்டாள். ஒரு துளி எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டாள். பஞ்சு போல மிதந்தது. அரிசியைச் சன்ன ரவை பதத்துக்கு அரைத்து, உப்புப் போட்டு, இரண்டையும் கையாலேயே கலந்தாள். முந்தின நாள் மாவில் ஒரு கரண்டி மீதம் வைத்திருந்தாள். அதையும் சேர்த்தாள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றவில்லை.

தூக்கிப் போகும்போது, "வீரராகவா, இந்த ஒரு தடவ கைவிட்டுடாதே" என்று அவள் சொன்னது மோசஸ் காதில் விழுந்தது. அவர் சட்டைக்குள் கிடந்த சிலுவையைத் தொட்டுக்கொண்டு, "நம்ம எல்லார் சாமியும் முழிச்சிக்கினுதாம்மா இருக்கும், நீ போய்ப் படு" என்றார்.

சனிக்கிழமை காலை மூடி தானாகவே சற்றுத் தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளே மாவு விளிம்பு வரை வந்து, நடுவில் மெல்லக் குவிந்து, தேன்கூடு போல உள்ளெல்லாம் துளைவிட்டு நின்றது. பச்சையப்பன் கரண்டியைப் போட்டு அடித்துக் கலக்கப் போனான். பூவம்மாள் கையைப் பிடித்தாள். "மெதுவாயா. ராத்திரியெல்லாம் பட்ட பாடு போயிடும்."

முதல் ஈடு எடுத்தபோது இட்லிகள் துணியிலிருந்து ஒட்டாமல் பிரிந்து வந்தன. வெளியே கலியன் நின்றிருந்தான். பச்சையப்பன் தட்டை வைத்தான். வைத்துவிட்டு நகரவில்லை.

"அண்ணே, உளுந்து ஊட்டுக்குப் போவல. ஆனா நான்தான் கொறச்சேன். குளிர்ச்சின்னு நெனச்சு மடத்தனமா கொறச்சேன். மீதி உளுந்து மூட்டையிலதான் கீது. வந்து பாருங்க."

கலியன் இட்லியைப் பிட்டு வாயில் போட்டான். இன்னொன்றையும் சாப்பிட்டு முடித்தான். வரிசையே அவனைப் பார்த்தது.

"மூட்டையெல்லாம் எதுக்குடா பாக்கணும்" என்றான் கடைசியில். "நாலு பேர் முன்னாடி நான் அப்டிக் கேட்டிருக்கக் கூடாது. மனசுல வெச்சுக்காத. இன்னும் ரெண்டு வை. மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கிறேன், இவனே இருக்கட்டும்னு."

பச்சையப்பன் இன்னும் இரண்டு வைத்தான். வரிசை நகர்ந்தது. இரவு வேலை முடிந்த மோசஸ் வீட்டுக்குப் போகாமல் வரிசையின் கடைசியில் நின்றார். முன்னால் கூப்பிட்டபோது, "லோடுக்காரங்க பசியோட கீறாங்க, அவங்களுக்குக் குடு" என்றார்.

கலியன் கை கழுவிவிட்டு, அடுப்பருகே நின்ற பூவம்மாளைப் பார்த்தான்.

"தங்கச்சி, நீ துன்னியா?"

அவள் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அது இப்போதுதான் அவளுக்கே நினைவு வந்தது. கலியன் பலகையை இழுத்துப் போட்டான். பச்சையப்பன் தட்டில் நாலு இட்லி வைத்தான். அவள் உட்கார்ந்து, ஆறும் வரை காத்திருக்காமல் சாப்பிடத் தொடங்கினாள்.