ஐநூற்றுக்கு மேலே பன்னிரண்டு

சங்ககிரியில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டும்போது விழுந்தவர் வேலுமணி. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அன்றுமுதல் காற்றுப் படுக்கைதான். தலைமாட்டுப் பக்கக் கட்டில் காலில் தொங்கும் சின்னப் பம்பு ராப்பகலாக முனகிக்கொண்டே மெத்தையை ஊதும். அது ஓடுவதால்தான் முதுகில் புண் வராமல் இருந்தது.

ஒருநாள் அவர் மனைவி மஞ்சுளா மில்லிலிருந்து சீக்கிரமே திரும்பினாள். வீடு வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. மெத்தை தட்டையாகக் கிடந்தது. புருஷனைப் புரட்டிப் பார்த்தாள். வால் எலும்பின்மேல் தோல் கன்றிச் சிவந்திருந்தது, அழுத்தினாலும் வெளுக்கவில்லை; படுக்கைப் புண்ணின் தொடக்கம்.

"ஏனுங்க, பம்ப ஆரு நிறுத்துனது?"

"நாந்தான். நீ போனா நிறுத்துவேன், வார நேரத்துக்குப் போட்டுருவேன்." கரண்டு அட்டையை நீட்டினார். "போன தடவ நானூத்தி எழுவது யூனிட்டு. இந்தத் தடவ ஐநூத்திப் பன்னண்டு. ஐநூறு வரைக்கும், இலவச நூறுக்கு அடுத்த நூறு சல்லிசு வெல. ஐநூறத் தாண்டிட்டா அந்தச் சல்லிசும் போயிருது, ரெட்ட வெல. நாப்பத்திரண்டு யூனிட்டு கூடுனதுக்கு ஐநூறு ரூவாய்க்கு மேல ஏறிருச்சு."

"அதுக்கு?"

"பம்பு எட்டு வாட்டு. ரெண்டு மாசம் விடாம ஓடுனா பன்னண்டு யூனிட்டுக்கு ஒட்டி வருது. அந்தத் தாண்டுன பன்னண்டு நாந்தாஞ்சாமி."

கணக்கில் பிழையில்லை. பம்பைப் போட்டு, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள்.

"ஐநூறு எரிச்சதெல்லாம் ஊட்டுக்குள்ள சொகமா இருக்குது. பன்னண்டு எரிச்சவரு மட்டும் தூக்குல தொங்கறாராக்கும்!" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீட்டர்முன் போய் நின்றாள்.

எல்லாவற்றையும் அணைத்துப் பம்பை மட்டும் விட்டாள். கரண்டு ஓடும் வேகத்துக்கு மின்னும் மீட்டரின் சிவப்புப் பொட்டு ஒருமுறை சிமிட்டக் காத்துக் காத்துக் கால் கடுத்தது. பிரிட்ஜைப் போட்டாள். பத்து எண்ணுவதற்குள் ஒரு சிமிட்டல். அதுவும் ஓய்வே இல்லாமல். கதவில் ஒரு காகிதத்தை வைத்துச் சாத்தி இழுத்தாள். பிடிமானமே இல்லாமல் வழுக்கி வந்தது. ரப்பர் இற்றுக் குளிரெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. அடுத்துத் தண்ணீர் மோட்டார். பொட்டு நெஞ்சுபோல் அடித்தது. தொட்டி நிரம்பியதா என்று அந்த வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. வழிந்து வாசல் தென்னையடியில் கொட்டுகிற சத்தம் கேட்டு, கைவேலையை முடித்துவிட்டுத்தான் அணைப்பது வழக்கம்.

"தென்னைக்குப் பாய்ச்சுனது போக, ரோட்டுக்கும் பாய்ச்சிருக்கறோமுங்க."

வெகுநாள் கழித்து வேலுமணி லேசாகச் சிரித்தார்.

மறுநாள் பிரிட்ஜுக்குப் புது ரப்பர் வந்தது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பம்பின் சுவிட்சை அவர் கைக்கு எட்டாத இடத்துக்கும், மோட்டார் சுவிட்சைக் கட்டிலருகுக்கும் மாற்றினாள். தொட்டி நிரம்ப நிரம்பத் தண்ணீர் விழும் ஓசை மாறுவதைக் கண்டுகொள்ள அவர் காது பழகியது. வழிவதற்கு முன்பே அணைத்துவிடுவார்.

அடுத்த கணக்கெடுப்பில் நானூற்று நாற்பத்தெட்டு. வேலுமணி அட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"இதுலயும் அந்தப் பன்னண்டு இருக்குதுல்ல புள்ள?"

"இருக்குதுங்க. இருக்கோணும்."

அவர் கையைத் தொங்கவிட்டு, அதிர்ந்துகொண்டிருந்த பம்பின்மேல் மெதுவாக வைத்துக்கொண்டார்.