ஒளிந்திருந்தவரின் ரிப்ளை ஆல்

சங்கரேஸ்வரிக்கு வந்த கோபத்தில் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறிந்திருப்பாள். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து சோலார் கம்பெனிக் கிளையில் அவள் விற்பனைப் பிரிவு. மூன்று மாதமாக அலைந்து பிடித்து வைத்திருந்த ஆர்டர் இப்போது கை நழுவிக்கொண்டிருந்தது.

கடையநல்லூரில் ஒரு லுங்கி நெசவு ஆலை. கூரை முழுக்க சோலார் தகடு போட வேண்டும். அங்கே கொள்முதல் பார்ப்பவர் அப்துல்லா. கூரை எடை தாங்குமா என்று அவர் கேட்டதும், தன் கம்பெனி இஞ்சினியர் வேல்ராஜுக்கும் நகல் போகும்படி சிசியில் சேர்த்து, சேர்த்திருப்பதையும் மெயிலிலேயே சொல்லியிருந்தாள். வேல்ராஜ் அன்றைக்கே நேரில் போய்க் கூரையைப் பார்த்துவிட்டு வந்தான். அதோடு அப்துல்லாவின் தயக்கம் தீர்ந்தது.

கிளை மேலாளர் சுயம்புலிங்கத்துக்கு அது போதவில்லை. "முதலாளி பேரைப் போடாம பத்திரிகை அடிப்பாகளா? ஆலை முதலாளியையும் சிசியில போடும்மா, மரியாதை" என்றார்.

"அது மரியாதை இல்ல அண்ணாச்சி. அப்துல்லாவப் பத்திப் புகார் சொல்லுத மாதிரி இருக்கும்."

"அப்ப என்னையாவது பிசிசியில போடு, என் பேரு யாருக்கும் தெரியாது. நான் பாத்துக்கிடுதேன்."

சொல்லிச் சொல்லி நச்சரித்தார். தொல்லை தாங்காமல் போட்டாள். அந்த ஒன்று அவள் தப்புதான்.

இன்று காலை அவள் அனுப்பிய மெயிலுக்கு சுயம்புலிங்கம், எல்லாருக்கும் பதில் போகும்படி ரிப்ளை ஆல் அமுக்கியிருக்கிறார். போதாதென்று ஆலை முதலாளியின் முகவரியையும் தானே சேர்த்திருக்கிறார். 'மூன்று முறை கேட்டும் அப்துல்லாவிடமிருந்து முடிவு இல்லை. ஐயா தலையிட வேண்டும்.'

பத்தே நிமிடத்தில் அப்துல்லா போன் செய்தார்.

"உங்க மேனேஜர் ஒளிஞ்சு நின்னு படிச்சிட்டு இருந்தாரா? கூரை ரிப்போர்ட்டையும் சேத்துக் கொடுத்து நாளைக்கே முதலாளிகிட்ட கையெழுத்து வாங்க இருந்தேன். இப்ப எல்லாரும் பாக்க முதலாளி என்னைக் கேக்காரு, எதுக்கு அமுக்கி வச்சேன்னு. இன்னும் மூணு இடத்துல விலை கேக்கச் சொல்லிட்டாரு."

தவறு செய்தது ஒருவர், தலைகுனிவது இன்னொருவர். காதெல்லாம் எரிந்தது.

சென்னைத் தலைமை அலுவலகத்தை சிசியில் வைத்து சுயம்புலிங்கத்தைப் பற்றி ஒரு மெயில் அடித்தாள். பாதியில் நிறுத்தினாள். அவர் செய்ததையேதான் தானும் செய்கிறோம் என்று பட்டதும் ஆத்திரம் இன்னும் கூடியது. அதை அழித்துவிட்டு அப்துல்லாவுக்கு மட்டும் எழுதினாள். 'எங்கள் மேலாளரை உங்களுக்குத் தெரியாமல் பிசிசியில் வைத்தது நான். அது தவறு. நீங்கள் தாமதிக்கவில்லை என்று உங்கள் முதலாளியிடம் சொல்ல வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், நேரில் வந்து சொல்கிறேன்.'

பின்னால் வந்து நின்ற சுயம்புலிங்கம், "என்னை சிசியில போடு" என்றார்.

"போட மாட்டேன்."

"பிசிசியிலயாவது?"

அவள் அப்துல்லாவுக்கு மட்டும் அனுப்பினாள்.

மாலையில் அப்துல்லாவின் பதில் வந்தது. சங்கரேஸ்வரி உரக்கவே வாசித்தாள். 'மூன்று விலையோடு உங்கள் விலையையும் வைக்கிறேன். அதற்கு மேல் என்னால் ஆகாது. இனி உங்கள் மேலாளர் எனக்கு எழுத வேண்டாம்.'

சுயம்புலிங்கம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தபடி எட்டிப் பார்த்தார்.

"இத யார் யாருக்கு சிசி போட்டிருக்கான்?"