மேல்வரிசைப் பெயர்

டெண்டர் மூன்று மணிக்கு மூடும், மணியோ இரண்டேகால். அந்தச் சாலை ஒப்பந்தக்காரர் அலுவலகத்தில் டெண்டர் வேலை பார்க்கும் அக்கா, டிஜிட்டல் கையெழுத்துப் போடும் யுஎஸ்பி டோக்கனைச் செருகிச் செருகிப் பார்த்து வெறுத்துப்போனாள். 'டோக்கன் இல்லை' என்றே கணினி சாதித்தது. சனியனே என்று டோக்கனை இயக்கும் பழைய டிரைவர் மென்பொருளை நீக்கினாள். கணினியை அணைத்துப் போட்டு, டோக்கன் கம்பெனியின் புது டிரைவரை ஏற்றினாள். யுஎஸ்பி ஹப்பை விட்டுவிட்டு நேரே கணினியில் செருகியதும் விளக்கு எரிந்தது.

பிடிஎஃபில் கையெழுத்துக் கட்டம் வரைந்ததும் யார் பெயரில் கையெழுத்து என்று கேட்கும் சான்றிதழ்ப் பட்டியல் வந்தது. அதில் இரண்டு பெயர்கள். மேலே, போன மாதம் காரோடு எரிந்துபோன பெரிய முதலாளி. எந்த ஊரிலிருந்து போனை எடுத்தாலும் "இங்கதான்" என்று கூசாமல் புளுகிவந்த மனிதர். கீழே, இப்போது பொறுப்பிலிருக்கும் அவர் தம்பி.

"அண்ணன் பேரு எப்படி வந்துச்சு?" பக்கத்தில் நின்றிருந்த தம்பி திரையை நோக்கிக் குனிந்தார்.

"பயப்படாதீங்க சார். அது கம்ப்யூட்டர்ல தங்கிப்போன நகல். அவரோட டோக்கன் இல்லாம கையெழுத்து விழாது. அதுதான் காரோட கருகிடுச்சே."

அவள் கீழ்ப்பெயரைத் தேர்ந்தெடுத்தாள். தம்பி தன் டோக்கனின் ரகசிய பின் நம்பரை அடித்தார். பச்சை டிக் விழுந்தது. அப்பாடா என்று கையெழுத்தின் விவரத்தைத் திறந்தவள், அதை இன்னொரு முறை படித்தாள்.

கையெழுத்திட்டவர் என்ற இடத்தில் பெரிய முதலாளியின் பெயர் இருந்தது. நேரம், சற்றுமுன். அவள் எப்போதும் காலியாகவே விடும் 'இடம்' என்ற வரியில் ஒரே ஒரு சொல்: இங்கதான்.