மூன்றாவது சீட்டு

ஞாயிற்றுக்கிழமை மதியம், தேவாலயம் முடிந்து சாப்பிட்டதும், ஒபியோராவின் மருந்துக்கடைக்குப் போய்விடுவோம். கடைக்கு அன்று விடுமுறை. ஷட்டரைத் தரைக்கு ஒரு சாண் மேலே வரை இறக்கிவிட்டு, மாத்திரை எண்ணும் மேசையில் உலகப்படம் போட்ட அந்தப் பலகையை விரிப்பான். நாங்கள் மூன்று பேர். ஒபியோரா, எதிர்வீட்டு மொரெனிகே, நான். லாகோஸில் எங்கள் சந்தில் ஞாயிறு என்றால் எப்போதும் காது கொள்ளாத இரைச்சல். தேவாலய ஒலிபெருக்கி, வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர், "ஒஜுவெலெக்பா, ஒஜுவெலெக்பா" என்று போகிற இடத்தைக் கத்தும் மஞ்சள் வேன் பையன்கள். அன்றும் நாங்கள் உட்கார்ந்தபோது அந்த இரைச்சல் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா.

அந்த ஆட்டத்தில் ஒருவரை ஒருவர் தோற்கடிக்க முடியாது. ஜெயித்தால் எல்லோரும், தோற்றால் எல்லோரும். பலகையில் நாற்பத்தெட்டு ஊர்கள், நான்கு நோய்கள். நோய் என்பது சின்னச் சின்னக் கட்டை. நோய்ச்சீட்டில் எந்த ஊர் வருகிறதோ அங்கே ஒரு கட்டை விழும். ஓர் ஊரில் மூன்று கட்டை வரை தாங்கும். நான்காவது வைக்க வேண்டி வந்தால் ஊர் வெடிக்கும். வெடித்தால் கோடு போட்டு இணைத்திருக்கும் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஒவ்வொரு கட்டை போகும். அங்கேயும் ஏற்கெனவே மூன்று இருந்தால் அதுவும் வெடிக்கும். எட்டு வெடிப்பு ஆனால் உலகம் முடிந்தது. அதற்குள் நான்கு நோய்க்கும் மருந்து கண்டுபிடித்தாக வேண்டும். ஒருவர் முறைக்கு நாலு வேலை செய்யலாம்; ஒரே நிறத்தில் ஐந்து ஊர்ச்சீட்டு சேர்த்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனால் அந்த நிற நோய்க்கு மருந்து.

அன்று மூன்று மருந்து கிடைத்துவிட்டது. மிச்சம் மஞ்சள் நோய் மட்டும். எங்கள் லாகோஸும் மஞ்சள்தான், ஜோஹன்னஸ்பர்க்கும் மஞ்சள்தான்.

மொரெனிகேயின் மகன் லான்ரே ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்தான். குளிர்பெட்டி பழுதுபார்க்கிற வேலை. ஒன்பது நாளாக அவனிடமிருந்து பேச்சு இல்லை. அந்தப் பக்கம் ஏதோ காய்ச்சல் என்று யாரோ யாருக்கோ சொன்ன செய்தி தேவாலயம் வரை வந்திருந்தது. அன்று முழுக்க அவள் கண் பலகையின் அடியில் இருந்த ஜோஹன்னஸ்பர்க்கை விட்டு அகலவில்லை. ஆட்டத்தின் நடுவில், ஒரு நோய்ச்சீட்டை அடியோடு விலக்கிவிடும் சிறப்புச் சீட்டு ஒன்று எங்களுக்கு வந்தது.

"ஜோஹன்னஸ்பர்க்க எடுத்துருங்க" என்றாள் மொரெனிகே.

"அங்க இப்ப ஒத்தக் கட்டைதான, லான்ரேயம்மா" என்றான் ஒபியோரா. "இஸ்தான்புல்ல மூணு கிடக்கு. புள்ளைக்காக உலகத்த விட்ற முடியுமா?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். இஸ்தான்புல்லைத்தான் எடுத்தோம். நானும் சரி என்று தலையாட்டினேன். அதன் பிறகு இரண்டு முறை ஜோஹன்னஸ்பர்க் சீட்டு வந்தது. இப்போது அங்கே மூன்று கட்டை.

வெடிப்பு ஆறு ஆகியிருந்தது. ஏழைத் தாங்கலாம், எட்டைத் தாங்க முடியாது. ஒரே ஊரில் மூன்று கட்டையைக் கொட்டும் கொள்ளைநோய்ச் சீட்டு நாலும் வந்து போய்விட்டதால் இனி அந்தப் பயம் இல்லை. ஆனால் ஒவ்வொருவர் முறை முடிந்ததும் மூன்று நோய்ச்சீட்டு புரட்ட வேண்டும். என் முறை முடிந்து புரட்டியும் ஆயிற்று; அப்போதுதான் என் கையில் இருந்த முன்கூட்டிப் பார்க்கும் சீட்டைப் போட்டேன். நோய்ச்சீட்டுக் கட்டில் மேலே இருக்கும் ஆறைப் பார்த்து, நமக்குப் பிடித்த வரிசையில் திரும்ப வைக்கலாம்.

ஆறையும் விரித்தோம். சிட்னி, மிலான், சாந்தியாகோ, மூன்றும் கட்டையே இல்லாத ஊர்கள். கராச்சி, லாகோஸ், ஜோஹன்னஸ்பர்க், மூன்றிலும் மும்மூன்று.

ஒபியோரா மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தான். "ஆன்ட்டி லாகோஸ்ல நிக்கிறீங்க. உங்க கையில நாலு மஞ்சள் ஊர்ச்சீட்டு. அஞ்சாவது எங்கிட்ட, லாகோஸ் சீட்டு. அந்த ஊர்லயே ரெண்டு பேரும் நின்னாத்தான் குடுக்க முடியும். நான் கெய்ரோவுல. கார்ட்டூம், லாகோஸ், ரெண்டு நடை. மூணாவதுக்கு லாகோஸ்ல ஒரு கட்டை எடுப்பேன், நாலாவதுக்குச் சீட்டு குடுப்பேன். நாலும் சரியாப் போச்சு. அப்புறம் உங்க முறை. நீங்க திரும்ப கெய்ரோ ஆய்வுக்கூடத்துக்கு ரெண்டு நடை, மூணாவது மருந்து. ஜெயிச்சாச்சு."

"அதுக்கு முன்னாடி என் முறை இருக்கு" என்றாள் மொரெனிகே. அவளுடையது ஓர் ஊரின் கட்டை எல்லாவற்றையும் ஒரே வீச்சில் எடுக்கும் மருத்துவர் காய், பாக்தாதில் நின்றது.

"இருக்கு. கராச்சிக்கு ஒரே நடை. அங்க நோய்க்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு, நீங்க போய் நின்னாலே மூணும் காலி. கராச்சியும் டெல்லியும் மூணு மூணு. ஒண்ணு வெடிச்சா இன்னொண்ணு, எட்டாயிரும்."

"இல்லன்னா கெய்ரோ, கார்ட்டூம், ஜோஹன்னஸ்பர்க். மூணு நடை. நாலாவதுக்கு அங்க துடைச்சிருவேன்."

"துடைச்சிட்டு? கராச்சி யாரு பாக்குறது? உங்க மாமனாரா?"

அவள் சிரிக்கவில்லை. நான் அவள் மணிக்கட்டைத் தொட்டேன். ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. "மரக்கட்டைடீ" என்றேன். "இந்த ஊரு வேற, அந்த ஊரு வேற."

"ஆன்ட்டி, இத்தன வருஷத்துல ஒரு தடவையாவது லாகோஸ வெடிக்க விட்ருக்கீங்களா?" என்று கேட்டாள்.

 அது உண்மைதான். தோற்றாலும் தோற்போமே தவிர, எங்கள் ஊரை வெடிக்க விட்டதில்லை. வீட்டு வாசலைப் பெருக்குவது மாதிரி, லாகோஸில் இரண்டாவது கட்டை விழுந்தாலே யாராவது ஓடிவிடுவோம். சிரித்துக்கொண்டுதான் செய்வோம். ஆனாலும் செய்வோம். அன்று மட்டும் மருந்தைத் துரத்தியதில் மூன்று வரை விட்டுவிட்டோம்.

வரிசை இப்படி முடிவாயிற்று. மொரெனிகே முறை முடிந்ததும் வரும் மூன்று: சிட்னி, மிலான், ஜோஹன்னஸ்பர்க். ஜோஹன்னஸ்பர்க் வெடிக்கும், பக்கத்தில் கின்ஷாசாவிலும் கார்ட்டூமிலும் இடம் இருக்கிறது, அதோடு நின்றுவிடும். ஏழு. ஒபியோரா லாகோஸில் ஒரு கட்டையை எடுத்த பிறகு வரும் மூன்று: லாகோஸ், கராச்சி, சாந்தியாகோ.

"ரெண்டாவது மூணுல எது முன்னாடின்னு வரிசை முக்கியமில்ல" என்று சொல்லி லாகோஸை முதலில் வைத்தான் ஒபியோரா. கண்ணுகளா, அந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன்.

அப்போது மின்சாரம் போயிற்று. ஷட்டர் அடியில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம். ஒபியோரா ஜெனரேட்டரை இழுக்கப் பின்பக்கம் போனான். நான் சோபோ, அந்தச் செம்பருத்திப் பானம், ஊற்றிய தம்ளர்கள் பலகையில் கவிழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். இருட்டில் மொரெனிகேயின் துணி சரசரத்தது. இடுப்புத்துணியைச் சரி செய்கிறாள் என்று நினைத்தேன்.

ஜெனரேட்டர் உறுமி விளக்கு எரிந்தது. மேசையே அதிர்ந்தது. அதன் பிறகு வேறு எந்தச் சத்தமும் எங்களுக்குக் கேட்கவில்லை.

மொரெனிகே மறுபேச்சு இல்லாமல் தன் காயைக் கராச்சியில் வைத்தாள். கட்டைகளை எடுத்தாள். டெல்லிக்கும் போனாள், அங்கேயும் எடுத்தாள். கராச்சிக்கே திரும்பி நின்றாள். முகம் அமைதியாக இருந்தது. ஒபியோரா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

ஊர்ச்சீட்டு இரண்டு எடுத்தாள். பிறகு நோய்ச்சீட்டைப் புரட்டினாள். சிட்னி, ஒரு கட்டை. மிலான், ஒரு கட்டை. மூன்றாவதைப் புரட்டும்போது, அவள் உதடு ஏதோ வேண்டுதலில் அசைந்தது.

லாகோஸ்.

 ஒபியோரா சீட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான்தான வச்சேன்? மூணாவது ஜோஹன்னஸ்பர்க்."

"நீதான் வச்ச" என்றேன்.

"அப்ப இது நாலாவதால்ல வரணும்."

விதி என்றால் விதி. லாகோஸில் மூன்று இருந்தது, நான்காவது வைக்க இடமில்லை. வெடித்தது, ஏழு. கின்ஷாசாவுக்கு ஒன்று, கார்ட்டூமுக்கு ஒன்று, கடல் தாண்டி சாவோ பாலோவுக்கு ஒன்று. சாவோ பாலோவில் ஏற்கெனவே மூன்று. அதுவும் வெடித்தது. எட்டு. ஒபியோரா வெடிப்பை எண்ணும் குறிக்காயை மண்டையோட்டுக் குறிமேல் நகர்த்தினான். பலகை முழுக்கக் கட்டை. ஜோஹன்னஸ்பர்க் மட்டும் தன் மூன்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தது. அதை எதுவும் தொடவில்லை.

மொரெனிகே இடுப்புத்துணி மடிப்புக்குள் கைவிட்டு அந்தச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். வியர்வையில் நனைந்திருந்தது.

"இது வராம இருந்தாப் போதும்னு நினைச்சேன்" என்றாள். "அடுத்தது எதுன்னு நான் யோசிக்கல."

ஒபியோராவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "சரி விடுங்க, ஆட்டம்தான" என்றான். அவன் குரலில் ஆட்டம் இல்லை.

அந்த நேரத்தில் அவளுடைய கைபேசி ஒளிர்ந்தது. லான்ரே.

நான்தான் பொத்தானை அழுத்தினேன், ஸ்பீக்கரில் போட்டேன். ஜெனரேட்டர் சத்தத்தில் அவன் குரல் உடைந்து உடைந்து வந்தது.

"மம்மி? கடவுளே. மம்மி, நல்லாருக்கியா?"

"நான் நல்லாருக்கேன்டா. உனக்கு என்ன ஆச்சு, ஒன்பது நாளா..."

"போன் தண்ணில விழுந்துருச்சு. இன்னைக்குத்தான் புதுசு வாங்குனேன். எனக்கு ஒண்ணுமில்ல. இங்க யாருக்கும் ஒண்ணுமில்ல."

மொரெனிகே நெற்றியை மேசையில் வைத்து அழுதாள். சிரிப்பும் அதற்குள் இருந்தது. நான் அவள் முதுகைத் தடவினேன். என் மனசும் அந்த ஒரு மூச்சுக்கு லேசாயிற்று.

"மம்மி, அங்க என்ன நடக்குது?" என்றான் லான்ரே. "இப்ப பத்து நிமிஷமா எல்லாருக்கும் போடுறேன். சித்தப்பா எடுக்கல. யேட்டுண்டே அக்கா எடுக்கல. பாஸ்டர் எடுக்கல. என் கூட்டாளிங்க ஆறு பேரு, ஒருத்தனும் எடுக்கல. லாகோஸ்ல நீ ஒருத்திதான் எடுத்துருக்க."

ஒபியோரா ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பெட்ரோல் தீர்ந்து ஜெனரேட்டர் இரண்டு முறை இருமி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, மணி நாலரை. ஒலிபெருக்கி இல்லை. ஒரு ஜெனரேட்டர்கூட ஓடவில்லை. வேன் பையன் குரல் இல்லை, ஹாரன் இல்லை, ஒரு குழந்தை அழுகை இல்லை. ஷட்டர் அடியில் அதே ஒரு கோடு வெளிச்சம். அதைக் கடந்து ஒரு கால்கூட நடக்கவில்லை.

"ஆன்ட்டி" என்றான் ஒபியோரா மெதுவாக. "எப்ப நின்னுச்சு?"

எனக்குத் தெரியவில்லை. ஜெனரேட்டர் ஓடிய நேரத்துக்குள் எப்போதோ. சிட்னிக்கு முன்னாலா, மிலானுக்குப் பிறகா, எனக்குத் தெரியவில்லை.

அவன் எழுந்து ஷட்டர் வரை போனான். கைப்பிடியில் கை வைத்தான். தூக்கவில்லை.

"மம்மி" என்று கைபேசி கூப்பிட்டது. "மம்மி, ஏதாவது பேசு."

மொரெனிகே ஜோஹன்னஸ்பர்க் சீட்டை எடுத்து, நோய்ச்சீட்டுக் கட்டின் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். சட்டென்று அதைத் திரும்ப எடுத்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். அவள் தாய். அவளை நான் எதுவும் சொல்லமாட்டேன்.

நான் லாகோஸில் இருந்த மஞ்சள் கட்டைகளை எடுக்க ஆரம்பித்தேன். ஒரு கட்டை. இன்னொரு கட்டை. ஆட்டம் முடிந்த பிறகு எடுத்தால் செல்லாது என்று எனக்குத் தெரியும். மூன்றையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக மூடிக்கொண்டேன். ஒபியோரா ஷட்டர் பக்கம் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஏதாவது ஒரு சத்தம் வருமா என்று மூன்று பேரும் காத்திருந்தோம்.